பேக்லாக், ஸ்பிரின்ட், பிளாக்கர்: அடுத்த அடி யாருடையது?

கேள்வி: எங்கள் டீமில் கல்லூரி முடித்த கையோடு நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். கோடு நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் ஜிராவைத் திறந்தால் விழிக்கிறார்கள். பேக்லாக், ஸ்பிரின்ட், பிளாக்கர் என்று எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள், அப்புறம் வேறு மாதிரி செய்கிறார்கள். ஒருவர் மூன்று நாள் ஒரே இடத்தில் நின்றிருக்கிறார், யாரிடமும் வாய் திறக்கவில்லை. இன்னொருவர் சின்னச் சந்தேகத்துக்கெல்லாம் பிளாக்கர் போடுகிறார். தமிழில் பேசினால்தான் மனம் விட்டுப் பேசுகிறார்கள் என்பதால், சொற்களுக்குத் தமிழ் அர்த்தம் எழுதி ஓர் அட்டவணை கொடுத்தேன். பலனில்லை. எப்படிச் சொன்னால் புரியும்?
– ஒரு டீம் லீட்

பதில்:

அட்டவணையைப் படித்தவருக்கு அர்த்தம் தெரிந்துவிடும். ஆனால் திங்கட்கிழமை காலை தான் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்காது. இந்த மூன்று சொற்களும் ஒரு வேலை இப்போது யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்கின்றன. பேக்லாக்கில் இருக்கிறதென்றால், அதைச் செய்வதாக யாரும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்பிரின்ட்டில் இருக்கிறதென்றால், டீம் கையில் எடுத்துவிட்டது. பிளாக்கர் என்றால், கையில் எடுத்த வேலையின் அடுத்த அடி வேறு ஒருவருடையது. புதியவர்களிடம் முதலில் இதை மட்டும் சொல்லுங்கள். அப்புறம் ஒரே ஒரு டிக்கெட்டை எடுத்து, அது பிறந்த இடத்திலிருந்து முடியும் வரை கூடவே நடந்து காட்டுங்கள். உங்கள் போர்டில் இருக்கும் நிஜ டிக்கெட்டாக இருந்தால் நல்லது. இங்கே விளக்குவதற்காக ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறேன்: SHOP-142, ஆர்டர் பக்கத்தில் இன்வாய்ஸைப் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ள ஒரு பட்டன்.

பேக்லாக்கைச் சொல்லும்போது ஒரு தடங்கல் வரும். கல்லூரியிலிருந்து வருபவர்களுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே பழக்கம், ஆனால் அங்கே அதற்கு அரியர் என்று பொருள். எழுதாமல் விட்ட, தோற்றுப்போன பாடம். உங்கள் அட்டவணையில் 'நிலுவைப் பணி' என்று எழுதியிருந்தால் அந்த எண்ணம் இன்னும் உறுதியாகியிருக்கும். பேக்லாக்கில் இருநூறு டிக்கெட் இருப்பதைப் பார்த்ததும், இந்த டீம் இருநூறு வேலையில் பின்தங்கிக் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். 'செய்யலாம் என்று எழுதி வைத்திருக்கும் வரிசை' என்று சொல்லுங்கள். அதில் 'செய்யலாம்' என்ற பகுதியும் முக்கியம், 'வரிசை' என்ற பகுதியும் முக்கியம்.

வரிசை என்பதைச் சொல்லி விளங்க வைப்பதைவிடக் காட்டிவிடலாம். பேக்லாக்கின் மேலே இருக்கும் ஒரு டிக்கெட்டையும், அடியில் கிடக்கும் ஒன்றையும் திறந்து, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்களையே கேளுங்கள். அடியில் இருப்பது பெரும்பாலும் ஒரே வரியாக இருக்கும்: 'இன்வாய்ஸ் டவுன்லோடு வேண்டும்'. SHOP-142-ம் ஒரு காலத்தில் அப்படித்தான் அடியில் கிடந்தது. மேலே வர வர அதில் விவரம் சேர்ந்தது. பொருள் அனுப்பப்பட்ட ஆர்டருக்கு மட்டும் பட்டன் தெரிய வேண்டும், ஃபைல் பெயரில் ஆர்டர் எண் இருக்க வேண்டும், இன்வாய்ஸ் இன்னும் தயாராகவில்லை என்றால் அதைச் சொல்லும் செய்தி வர வேண்டும். இப்படி விவரம் சேர்க்கும் வேலைக்குத்தான் ரிஃபைன்மென்ட் கூட்டம். எது மேலே, எது கீழே என்று முடிவு செய்பவர் புராடக்ட் ஓனர். அடியில் கிடப்பவற்றில் பல ஒருநாளும் மேலே வராது. சிலவற்றை அழித்தும் விடுவார்கள். அதில் யாருடைய தவறும் இல்லை.

இது புரிந்துவிட்டால் ஒரு வழக்கமான பிழை நின்றுவிடும். கையிலிருந்த வேலை சீக்கிரம் முடிந்ததும், புதியவர் ஆர்வக்கோளாறில் பேக்லாக்கை உருட்டிப் பார்த்து, சுவாரசியமாகத் தெரியும் ஒரு டிக்கெட்டை இழுத்துப் போட்டுக்கொள்வார். அது இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளாத வேலை. சில சமயம் பாதி விவரம் இல்லாத வேலை. கை காலியானால் முதலில் ஸ்பிரின்ட்டுக்குள் பார்க்க வேண்டும்: யாருடைய கோடாவது ரிவ்யூவுக்குக் காத்திருக்கிறதா, எடுக்காத டிக்கெட் ஏதாவது இருக்கிறதா என்று. இரண்டும் இல்லாவிட்டால் உங்களைக் கேட்க வேண்டும்.

ஸ்பிரின்ட்டை விளக்க ஓட்டப் பந்தயத்தை இழுக்காதீர்கள். பயிற்சி வகுப்புகளில் இதைத்தான் சொல்கிறார்கள், கேட்டவர் அது வேகத்தைப் பற்றிய சொல் என்று எடுத்துக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்கு கமிட் போடுகிறார். 'தவணை' என்று சொன்னால் நம்மவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். தொடங்கும் நாளும் முடியும் நாளும் முன்பே தெரியும், நடுவில் நீளாது. ஸ்க்ரம் கைடு ஒரு மாதம் அல்லது அதற்குக் குறைவு என்கிறது. இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளும் டீம்கள்தான் அதிகம். வேலை முடியாவிட்டால் வேலைதான் வெளியே போகும், தேதி நகராது. பத்து நாள் தள்ளிக் கொடுக்கலாமா என்று பேராசிரியரிடம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ஸ்பிரின்ட்டில் எடுத்த எல்லாவற்றையும் முடித்தே தீருவோம் என்று டீம் வாக்குக் கொடுப்பதாகத்தான் ஸ்க்ரம் கைடு முதலில் பேசியது. 2011-இல் அதை மாற்றி, இவ்வளவு முடியும் என்பது டீமின் கணிப்பு என்று ஆக்கினார்கள். 2020 பதிப்பின்படி டீம் பொறுப்பேற்றுக்கொள்வது ஸ்பிரின்ட்டின் இலக்குக்கு. ஆகவே ஒரு டிக்கெட் முடியாமல் போனால் அது குற்றமாகாது. முடியாது என்று தெரிந்த நாளில் சொல்லாமல் இருப்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

'முடிந்தது' என்றால் என்ன என்பதையும் போர்டிலேயே காட்டிவிடுங்கள். ஜிராவின் ஸ்க்ரம் போர்டில் வலது ஓரத்தில் இருக்கும் கடைசி நெடுவரிசைக்குப் போன டிக்கெட் மட்டும்தான் முடிந்ததாகக் கணக்கு. ஸ்பிரின்ட்டின் கடைசி நாள் மாலை SHOP-142 `Code Review`-இல் இருந்தால், கோடு முழுவதும் எழுதியாகிவிட்டது என்றாலும் அறிக்கையில் அது முடியாததுதான். ஸ்பிரின்ட்டை மூடும்போது, முடியாதவற்றை அடுத்த ஸ்பிரின்ட்டுக்கு அனுப்பவா பேக்லாக்குக்கு அனுப்பவா என்று ஜிரா கேட்கும். தொண்ணூறு சதவீதம் முடித்ததற்குத் தொண்ணூறு சதவீத மார்க் இங்கே கிடையாது. இதை முன்கூட்டியே கேள்விப்பட்டிருந்தால், கடைசி நாள்வரை வைத்திருக்காமல் இரண்டு நாள் முன்னதாகவே ரிவ்யூவுக்கு அனுப்புவார்கள். ஸ்டோரி பாயின்ட்டைப் பற்றிக் கேட்டால் அது மணிக்கணக்கு இல்லை, வேலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு டீம் போடும் அளவு என்று சொல்லி இப்போதைக்கு நகர்ந்துவிடுங்கள். ஓரிரு பிளானிங் கூட்டத்தில் உட்கார்ந்தால் அது தானாகவே விளங்கும்.

பிளாக்கருக்கு மட்டும் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் இரண்டு தொல்லைகளும் அங்கேதான் இருக்கின்றன.

முதலில், எங்கும் பிளாக்கர் போடுபவர் அதை எந்த இடத்தில் போடுகிறார் என்று பாருங்கள். டிராக்கர்களில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை இருக்கிறது. பக்ஸில்லாவில் பிளாக்கர் என்பது பிழையின் தீவிரத்தைக் குறிக்கும் உச்ச நிலை. டெவலப்மென்ட்டையோ டெஸ்டிங்கையோ நிறுத்திவிடும் அளவு மோசமான பிழை என்று அர்த்தம். பழைய ஜிரா அமைப்புகளிலும் பிரையாரிட்டிப் பட்டியலின் உச்சியில் பிளாக்கர் என்று இருக்கும். ஸ்டாண்டப்பில் நாம் சொல்லும் பிளாக்கர் வேறு: என் வேலை நிற்கிறது, காரணம் வெளியே இருக்கிறது என்பது. ஸ்க்ரம் கைடு அதை இம்பெடிமென்ட் என்கிறது. உங்கள் பையன் தன் சந்தேகத்துக்காக டிக்கெட்டின் பிரையாரிட்டியை மாற்றிக்கொண்டிருந்தால், சாதாரணப் பட்டன் வேலை ஒன்று எல்லோருடைய பட்டியலிலும் உச்சியில் போய் உட்கார்ந்திருக்கும். பிரையாரிட்டியைத் தொடாதே என்ற ஒரு வாக்கியம் அதற்குப் போதும்.

இனி SHOP-142-க்கு வருவோம். ஸ்பிரின்ட் திங்கட்கிழமை தொடங்கியது. புதன்கிழமை நம் ஆள் பட்டனை வரைந்து, இன்வாய்ஸ் ஏபிஐயோடு இணைக்கிறார். ஸ்டேஜிங்கில் ஒன்றும் வரவில்லை. பிரவுசரை ஒதுக்கிவிட்டு நேரடியாகக் கேட்டுப் பார்க்கிறார்:

```
curl -i -H "Authorization: Bearer $TOKEN" \
  https://staging.example.com/orders/1001/invoice
```

பதில் 401. 'ஏபிஐ வேலை செய்யவில்லை, பிளாக்கர்' என்று எழுதத் தோன்றும். ஆனால் 401 என்றால் நீ யாரென்று சர்வர் ஏற்கவில்லை என்று பொருள். டோக்கன் காலாவதியாகியிருக்கலாம், பாதி நகலெடுத்திருக்கலாம். மறுபடி லாகின் செய்து புது டோக்கன் எடுப்பது அவர் கையிலேயே இருக்கும் வேலை. எடுக்கிறார், மறுபடி ஓட்டுகிறார். இப்போது 403. நீ யாரென்று தெரிகிறது, ஆனால் இதைப் பார்க்க உனக்கு அனுமதி இல்லை என்கிறது சர்வர். அதே டோக்கனை வைத்து `/orders/1001` மட்டும் கேட்டால் ஆர்டர் விவரம் ஒழுங்காக வருகிறது. ஆக டோக்கன் சரி. டெஸ்ட் யூசருக்கு இன்வாய்ஸ் பார்க்கும் அனுமதி இல்லை, அதைத் தருவது பில்லிங் டீமின் கையில் இருக்கிறது. அடுத்த அடி வெளியே போய்விட்டது. இதுதான் பிளாக்கர். இரண்டு தடவையும் திரையில் பிழைதான் வந்தது, ஆனால் ஒன்று அவருடையது, மற்றது அவருடையது இல்லை. இந்த வித்தியாசத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது. ஃபைல் பெயரில் ஆர்டர் எண்ணோடு தேதியும் வேண்டுமா என்று அவருக்குத் தெரியவில்லை. இது கேள்வி. புராடக்ட் ஓனரிடம் கேட்டுவிட்டு மற்ற பகுதியைத் தொடரலாம். பதில் வராமல், அதை வைத்துத்தான் மேலே போக முடியும் என்ற கட்டம் வந்தால் அப்போது அதுவும் பிளாக்கராகிவிடும்.

இவற்றைப் பிரித்தறிய நான் புதியவர்களுக்குக் கொடுப்பது ஒரு வாக்கியம்தான். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வேன்: 'எனக்கு ____ இடமிருந்து ____ வேண்டும், ____ கிழமைக்குள் வராவிட்டால் இந்த டிக்கெட் நிற்கும்.' முதல் இடத்தில் ஒரு பெயரோ ஒரு டீமோ எழுத முடியவில்லை என்றால் அது பிளாக்கர் இல்லை. இன்னும் தேட வேண்டிய வேலை, அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டிய சந்தேகம். 401 வந்தபோது அந்த இடத்தில் எழுத யாரும் இல்லை. 403 வந்தபோது பில்லிங் டீம் வந்து உட்கார்ந்துவிட்டது. எதற்கெடுத்தாலும் பிளாக்கர் போடுபவரைத் திட்ட வேண்டாம், 'யாரிடமிருந்து?' என்று மட்டும் கேளுங்கள். சில நாளில் அவரே தன்னைக் கேட்டுக்கொள்வார்.

மூன்று நாள் வாய் திறக்காதவருக்கும் இதே வாக்கியம் உதவும். பெரும்பாலும் அவர்கள் சோம்பலால் சும்மா இருப்பதில்லை. நிற்கிறது என்று சொன்னால், ஒன்று தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டதாகும், இல்லாவிட்டால் அடுத்தவர் மேல் புகார் சொன்னதாகும் என்று பயம். அதனால் ஸ்டாண்டப்பில் 'போயிட்டிருக்கு' என்று முடித்துக்கொள்வார்கள். வாக்கியத்தை இப்படி வார்த்துக் கொடுத்துவிட்டால் அதில் 'முடியவில்லை' என்ற சொல்லே வராது, குறை சொல்லும் தொனியும் வராது. கூடவே நேரத்தையும் எண்ணில் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் முயன்று பார் என்றால் அவருக்கு அது மூன்று நாள். ஒரு மணி நேரம் தேடியும் நகரவில்லை என்றால் எழுந்து வந்து கேள் என்று நான் சொல்வது வழக்கம். உங்கள் டீமுக்கு அது இரண்டு மணியாக இருக்கலாம். ஏதோ ஓர் எண் இருக்க வேண்டும்.

பிளாக்கர் என்று தெரிந்ததும் டிக்கெட்டில் என்ன எழுத வேண்டும் என்பதையும் பழக்குங்கள். 'ஏபிஐ எரர் வருது' என்று எழுதினால் படிப்பவர் நான்கு கேள்வி திருப்பிக் கேட்பார், ஒரு நாள் போய்விடும். SHOP-142-இல் இப்படி இருந்தால் போதும்:

'ஸ்டேஜிங்கில் இன்வாய்ஸ் ஏபிஐ 403 தருகிறது. டோக்கன் புதிது, அதே டோக்கனில் `/orders/1001` சரியாக வருகிறது. எங்கள் டெஸ்ட் யூசருக்கு இன்வாய்ஸ் பார்க்கும் அனுமதி பில்லிங் டீமிடமிருந்து வேண்டும். BILL-87 போட்டிருக்கிறேன். இந்த வெள்ளிக்குள் வந்தால் இதே ஸ்பிரின்ட்டில் முடியும். அதுவரை மாதிரி ஃபைலை வைத்துப் பட்டனையும் பிழைச் செய்தியையும் முடிக்கிறேன்.'

இரண்டாவது வாக்கியம்தான் இதில் பொன். பில்லிங் டீம் முதலில் கேட்கப்போவது 'உங்கள் டோக்கனைச் சரிபார்த்தீர்களா?' என்றுதான். கேட்கும் முன்பே பதில் இருக்கிறது. கடைசி வாக்கியமும் முக்கியம். ஒரு பக்கம் நின்றதால் டிக்கெட் முழுவதும் நின்றதாக ஆகாது, செய்ய முடிந்ததைச் செய்துகொண்டே இருக்கலாம். எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் பிளாக்கர் கொடி வைக்க வேண்டும் என்று சில டீம்கள் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளியிலிருந்து வர வேண்டிய அனுமதிக்கு எத்தனை நாளாகும் என்று புதியவருக்குத் தெரியாது. தெரிந்த அன்றே கொடி வைக்கட்டும்.

இரண்டு டிக்கெட்டையும் இணைக்கும்போது திசை மாறிப்போவது சகஜம். SHOP-142-ஐத் திறந்து, இணைப்பு வகையில் `is blocked by` என்று தேர்ந்தெடுத்து BILL-87-ஐக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் `blocks` என்று கொடுத்துவிட்டால், நாம்தான் அவர்களை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று பில்லிங் டீமின் திரையில் தெரியும். அவர்கள் நிம்மதியாக நமக்காகக் காத்திருப்பார்கள். சேமிக்கும் முன் தமிழில் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்: '142 நிற்கிறது, 87-க்காக.' திசை தப்பியிருந்தால் படிக்கும்போதே இடறும். கொடியும் இணைப்பும் போட்டுவிட்டால் தகவல் சொல்லியாகிவிட்டது என்றும் நினைக்க விடாதீர்கள். அடுத்த டீமில் ஒருவரிடம் சாட்டிலோ நேரிலோ சொல்லியாக வேண்டும். அனுமதி வந்துவிட்டது என்று செய்தி வந்ததும் கொடியை எடுத்துவிடக் கூடாது. அதே கமாண்டை மறுபடி ஓட்டி 200 வந்த பிறகு எடுக்க வேண்டும்.

தடைபட்டவற்றுக்கென்று போர்டில் தனி நெடுவரிசை வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள் என்பேன். எழுதும்போது நின்றதா, ரிவ்யூவில் நின்றதா என்பது அதில் மறைந்துபோகும். கார்டு இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மேலே கொடி போதும்.

உங்களுக்கென்று இரண்டு தேடல்களைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது கொடி வைத்தவற்றைக் காட்டும். இரண்டாவது, கையில் எடுத்தும் இரண்டு நாளாக யாரும் தொடாதவற்றைக் காட்டும். வாய் திறக்காதவர் அதில்தான் அகப்படுவார்.

```
sprint in openSprints() AND Flagged = Impediment

sprint in openSprints() AND statusCategory = "In Progress"
  AND updated <= -2d
```

இரண்டாவது தேடல் விடுமுறை நாளையும் சேர்த்தே எண்ணும். திங்கட்கிழமை காலை பட்டியல் நீளமாக வந்தால் பதற வேண்டாம்.

டீமில் தமிழ் தெரியாதவர்கள் இருந்தால் கமென்ட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். அப்போதும் முதல் சில தடவை, கோடிட்ட இடங்களைத் தமிழில் நிரப்பி உங்களிடம் சொல்லிக் காட்டிவிட்டு அதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் தொடங்கினால் யாரிடமிருந்து வேண்டும் என்பதை விட்டுவிட்டு, எரர் செய்தியை மட்டும் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.